போன்ல பேசி முடிச்ச பெயின்டிங் வேலையை மெசேஜ்ல எழுதி வைக்கிறது: அடிக்கடி வர்ற கேள்விகள்

பெயின்டர்கிட்ட போன்லயே எல்லாம் பேசியாச்சு, நாளைக்கே வர்றேன்னுட்டார். இதுக்கு மேல ஒரு மெசேஜ் எதுக்கு?

வாயால பேசினது செல்லும், அதுல சந்தேகமே வேண்டாம், 1872-ல போட்ட ஒப்பந்த சட்டப்படி பேச்சுல முடிச்சதும் ஒப்பந்தம்தான். சிக்கல் எங்க வருதுன்னா, போனை வைக்கிறப்ப ரெண்டு பேர் மனசுலயும் வேற வேற ஒப்பந்தம் இருக்கும். "உள்ள ஃபுல்லா அடிச்சுக் குடுத்துடுறேன்"னு அவர் சொல்லுவார், உங்களுக்கு அது சுவர், சீலிங், கதவு, ஜன்னல் கிரில் எல்லாம் சேர்த்து கேக்கும், அவர் மனசுல இருக்கறது சுவரும் சீலிங்கும் மட்டும். யாரும் பொய் சொல்லல. கதவு, கிரிலுக்கு எனாமல் அடிக்கிறது அவங்க தொழில்ல எப்பவுமே தனி கணக்கு, அதனால தனியா சொல்லணும்னே அவருக்குத் தோணியிருக்காது.

இது வெளிய வர்றது எப்பன்னா அஞ்சாவது நாள், ஹால் சுவரெல்லாம் சுரண்டிப் போட்டு, சோபாவை துணி போட்டு மூடி, பாதி பணமும் குடுத்த பிறகு. அப்ப ஆளை மாத்தவும் முடியாது, வீட்டை அப்படியே விடவும் முடியாது. அதே பேச்சு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முந்தின ராத்திரி வந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும், "கிரிலுக்கு தனியா நாலாயிரம் ஆகும் சார்", "சரி கிரிலை விட்டுடுங்க", அவ்ளோதான்.

எப்ப அனுப்பணும்? ராத்திரி உக்காந்து நிதானமா எழுதி அனுப்பினா போதுமா?

போனை வெச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள அனுப்பிட்டா நல்லது, ஏன்னா அப்பதான் அவருக்கும் ஞாபகம் இருக்கும், ஒரு பெயின்டர் ஒரே நாள்ல நாலு வீட்டுக்காரங்ககிட்ட ரேட் பேசுவார், மறுநாள் காலைல உங்க வீட்டுக்கு 24 சொன்னோமா 26 சொன்னோமான்னு அவருக்கே குழப்பம் வந்துடும். ஆனா நேரத்தைவிட வரிசைதான் முக்கியம், மெசேஜ் முதல்ல, அவர் பதில் ரெண்டாவது, அட்வான்ஸ் மூணாவது. அட்வான்ஸ் போயிடுச்சுன்னா அவர் அதுல பட்டி மூட்டை வாங்கிடுவார், உங்களுக்கும் பேசுற தெம்பு போயிடும். ஜிபேல அனுப்புறப்ப குறிப்பு எழுதுற இடத்துல "பெயின்டிங் அட்வான்ஸ், முதல் மாடி"ன்னு போட்டுடுங்க, பின்னாடி எந்த பணம் எதுக்கு போச்சுன்னு தேடுறப்ப உதவும்.

சரி, அந்த மெசேஜ்ல என்னதான் எழுதணும்? ஒண்ணு முழுசா எழுதிக் காட்டுங்களேன்.

ஒரு ரெண்டு பெட்ரூம் வீடு, முதல் மாடி, ஏற்கனவே பெயின்ட் அடிச்சு ஏழெட்டு வருஷம் ஆன வீடுன்னு வெச்சுக்கங்க. ரேட் எல்லாம் உதாரணத்துக்கு போடுறேன், ஊருக்கு ஊர் மாறும். இப்படி எழுதலாம்:

> அண்ணே வணக்கம். இப்ப போன்ல பேசினது ரெண்டு பேருக்கும் மறக்காம இருக்க எழுதுறேன், தப்பா இருந்தா நம்பர் சொல்லுங்க மாத்திடலாம்.
>
> 1) வேலை: முதல் மாடி உள்பக்கம். ஹால், 2 பெட்ரூம், கிச்சன், சுவரும் சீலிங்கும். பாத்ரூம், பால்கனி, வெளிச்சுவர், கதவு, கிரில் இதுல இல்ல.
>
> 2) எப்படி: பழைய பெயின்ட் உரியற இடம் சுரண்டி, பட்டி டச்சப் மட்டும் (ஃபுல் பட்டி இல்ல), ப்ரைமர் 1 கோட், எமல்ஷன் 2 கோட்.
>
> 3) பெயின்ட்: நீங்க போன்ல சொன்ன டிராக்டர் எமல்ஷன். கலர் நம்பர் நாளைக்கு கடைல பாத்து அனுப்புறேன். மெட்டீரியல் எல்லாம் உங்களோடது.
>
> 4) ரேட்: மெட்டீரியல், கூலி சேர்த்து சதுர அடிக்கு 24 ரூபா. சுவர், சீலிங் டேப் வெச்சு அளந்து, கதவு ஜன்னல் கழிச்சு. சுமார் 2,800 சதுர அடி வரும்னு சொன்னீங்க, அப்படின்னா 67,200. வேலை முடிஞ்சதும் ரெண்டு பேரும் சேர்ந்து அளந்து கணக்கு.
>
> 5) பணம்: அட்வான்ஸ் 20,000. ப்ரைமர் முடிஞ்சதும் 25,000. மீதி எல்லாம் முடிஞ்சு தரை துடைச்சுக் குடுத்த பிறகு.
>
> 6) நாள்: திங்கக்கிழமை ஆரம்பம், 3 ஆள், 9 நாள்.
>
> 7) இன்னும் பேசாதது: ஹால் வடக்கு சுவர்ல ஓதம் இருக்கு. நேர்ல பாத்துட்டு சொல்றேன்னீங்க.
>
> எல்லாம் சரின்னா "சரி"ன்னு ஒரு பதில் போடுங்கண்ணே, வந்ததும் அட்வான்ஸ் அனுப்பிடுறேன்.

இதுல கவனிக்க வேண்டியது மூணு இடம். முதல் வரியில "இதுல இல்ல"ன்னு எழுதினது. எது சேரும்னு எல்லாரும் எழுதுவாங்க, எது சேராதுன்னு எழுதுறவங்க கம்மி, சண்டை பூரா சேராததுலதான் வரும். பால்கனி சீலிங், படிக்கட்டு சைடு, பரணோட உள்பக்கம், இதெல்லாம் யாரும் போன்ல பேர் சொல்லி பேச மாட்டாங்க, ஆனா வேலை நடக்கறப்ப "இதையும் ஒரு கை பாத்துடுங்கண்ணே"ன்னு வரும்.

ரெண்டாவது வரியில பட்டி. பெயின்டிங்ல பெரிய காசு வித்தியாசம் இதுலதான். டச்சப்னா விரிசல், ஓட்டை, உரிஞ்ச இடம் மட்டும் பட்டி வெச்சு தேய்ப்பாங்க, ஃபுல் பட்டின்னா சுவர் பூரா ரெண்டு கோட் இழுத்து, காய வெச்சு, உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, நாலு நாள் வேலை அதுக்கே கூடும். போன்ல ரெண்டு பேரும் "பட்டி பாத்துடுறேன்"னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவாங்க. கடைசியில வெயில் சைடுல அடிக்கறப்ப சுவர் மேடு பள்ளமா தெரியும், வீட்டுக்காரர் கேட்டா "டச்சப்னா அப்படித்தான் சார் தெரியும்"னு அவர் சொல்லுவார், அவர் சொல்றதும் சரிதான்.

மூணாவது, அந்த ஏழாவது வரி. முடிவாகாத விஷயத்தை முடிவாகலன்னே எழுதுங்க. அதை விட்டுட்டு அனுப்பினா, பின்னாடி படிக்கிறவங்க "ஓதமும் இந்த 67,200-லயே அடக்கம்"னு நினைச்சுக்க இடம் இருக்கு. வரிக்கு நம்பர் போடுறது அழகுக்கு இல்ல, அவர் வண்டியில போயிட்டு இருக்கறப்ப "4 மட்டும் மாத்துங்க, கழிக்க மாட்டோம்"னு ஒரு வரியில பதில் போட முடியணும், அதுக்குதான்.

சதுர அடிக்கு இவ்ளோன்னு எழுதினா போதாதா? அதுல என்ன இவ்ளோ விளக்கம்?

போதாது. எந்த சதுர அடி? ஒரு ரூமை எடுத்துக்கங்க, 12க்கு 10, உயரம் 10 அடி. தரை 120 சதுர அடி. நாலு சுவர் சுத்தளவு 44 அடி, உயரம் பத்தால பெருக்கினா 440. சீலிங் 120 சேத்தா 560. ஏழுக்கு மூணு கதவு 21, நாலுக்கு நாலு ஜன்னல் 16, ரெண்டையும் கழிச்சா 523. இப்ப 24 ரூபாயை வெச்சு போட்டுப் பாருங்க, தரைக் கணக்குல 2,880, கழிக்காம அளந்தா 13,440, கழிச்சு அளந்தா 12,552. ஒரே ரூம், ஒரே ரேட்.

தரைக் கணக்கா சுவர்க் கணக்காங்கறதுல யாரும் கடைசி வரைக்கும் ஏமாற மாட்டாங்க, வித்தியாசம் அவ்ளோ பெருசு, ஆனா முதல் நாள் அதிர்ச்சி இருக்கும். "900 சதுர அடி வீடு, 24 ரூபா, இருபத்தி ரெண்டாயிரத்துல முடிஞ்சிடும்"னு வீட்டுக்காரர் மனக்கணக்கு போட்டிருப்பார், பில் அறுபதைத் தாண்டி வரும். பொதுவா சீலிங்கோட சேத்தா வீட்டோட பரப்பைப் போல மூணு, மூணரை மடங்கு பெயின்ட் பரப்பு வரும், தனி ரூமுக்கு இதைவிட கூட வரும், மொத்த வீட்டுப் பரப்புல சுவர் கனமும் பாத்ரூமும் பால்கனியும் அடங்குறதால மடங்கு குறையுது.

உண்மையான இழுபறி கழிக்கிறதுலதான். சின்ன ஜன்னலை கழிக்க மாட்டோம், சைடு பட்டை அடிக்கிற வேலை அதுக்கு சரியா போச்சுன்னு பெயின்டருங்க சொல்லுவாங்க, அதுல நியாயம் இருக்கு. கழிங்க, கழிக்காதீங்க, பாதி கழிங்க, எப்படி வேணா பேசிக்கங்க, ஆனா பேசினதை எழுதுங்க. "அளந்து பாத்துக்கலாம்"னு மட்டும் எழுதுறதுக்கு எழுதாமலே இருக்கலாம்.

அளக்கற அன்னைக்கு ஒவ்வொரு ரூமுக்கும் நீளம், அகலம், உயரத்தை ஒரு தாள்ல எழுதி போட்டோ எடுத்து அதே சாட்ல போட்டுடுங்க. மொத்தத்தை மட்டும் எழுதாதீங்க, தப்பு வந்தா எந்த ரூம்ல வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது.

மெசேஜ் போட்டாச்சு, ப்ளூ டிக் வந்துடுச்சு, பதில் இல்ல. சரின்னு எடுத்துக்கலாமா?

படிச்சார்ங்கறதுக்கு ப்ளூ டிக் ஓரளவு அடையாளம், ஒத்துக்கிட்டார்ங்கறதுக்கு இல்ல. சிலர் ப்ளூ டிக்கையே ஆஃப் பண்ணி வெச்சிருப்பாங்க, அப்ப படிச்சாலும் தெரியாது. "நாளைக்குள்ள பதில் வரலன்னா ஓகேன்னு எடுத்துக்கறேன்"னு சிலர் கடைசியில எழுதுவாங்க, அது ரொம்ப பலமான வரி இல்ல, ஒருத்தர் சும்மா இருக்கறதையே சம்மதமா மாத்த இன்னொருத்தரால தனியா முடியாது.

ஆனா அந்த மெசேஜை படிச்ச பிறகு அவர் அட்வான்ஸ் வாங்கினார், திங்கக்கிழமை ஆளோட வந்து சுரண்ட ஆரம்பிச்சார்னா கதை வேற. பேசினபடி வேலையை ஆரம்பிக்கிறதும் பணத்தை வாங்கிக்கறதும் ஒத்துக்கிட்டதாவே சட்டத்துல எடுத்துக்க வழி இருக்கு. அதனாலதான் மேல வரிசையை அவ்ளோ சொன்னேன், அட்வான்ஸ் மெசேஜுக்குப் பின்னாடி போகணும்.

நடைமுறையில என்ன பண்ணலாம்னா திரும்ப ஒரு போன் போடுங்க. "அண்ணே மெசேஜ் பாத்தீங்களா, நாலாவது வரி மட்டும் ஒருதரம் பாத்துடுங்க, பாத்துட்டு சரின்னு போட்டீங்கன்னா இப்பவே ஜிபே பண்ணிடுறேன்." பணம் காத்துட்டு இருக்குன்னு தெரிஞ்சா பதில் அஞ்சு நிமிஷத்துல வரும்.

அவர் வெறும் கட்டைவிரல் எமோஜி மட்டும் போட்டார். அது கணக்குல வருமா?

கனடால இதுக்கு ஒரு வழக்கே நடந்துச்சு. சஸ்காச்சுவன் மாகாணத்துல தானியம் வாங்குற கம்பெனிக்காரர் ஒரு விவசாயிகிட்ட ஆளி விதை வாங்குறதுக்கு போன்ல பேசிட்டு, ஒப்பந்தத்துல தன் கையெழுத்தைப் போட்டு போட்டோ எடுத்து, உறுதி பண்ணுங்கன்னு மெசேஜ் அனுப்பினார், விவசாயி கட்டைவிரல் போட்டார், அப்புறம் சரக்கு வரல. மெசேஜ் வந்துச்சுன்னுதான் கட்டைவிரல் போட்டேன், ஒத்துக்கலன்னு விவசாயி சொன்னார். 2023-ல கோர்ட் அது சம்மதம்தான்னு சொல்லி 82,000 கனடா டாலருக்கு மேல கட்டச் சொல்லிச்சு, 2024-ல அப்பீல்லயும் அதேதான். முன்னாடி அவங்க ரெண்டு பேரும் இதே மாதிரி சின்ன பதில்லயே பல தடவை வியாபாரம் முடிச்சிருந்ததை கோர்ட் கணக்குல எடுத்துச்சு.

அது அந்த ஊர் தீர்ப்பு, இங்க அப்படியே கட்டாது. உங்க பெயின்டர் எல்லாத்துக்குமே கட்டைவிரல் போடுற ஆளுன்னா, குட் மார்னிங்குக்கும் அதேதான் போடுவார், அதை வெச்சு என்ன பண்றது. "சரி", "ஓகே மேடம் 24 ரூபா", ஏதோ ஒரு வார்த்தை வாங்குங்க. தொகையை அவரே திருப்பி எழுதினா அதைவிட நல்ல பதில் இல்ல.

"நான் அப்படி சொல்லவே இல்லயே"ன்னு பதில் வந்தா?

சந்தோஷப்படுங்க, மெசேஜ் அதுக்குதான் போட்டது. நீங்க சொன்னீங்க, நான் சொல்லலன்னு டைப் பண்ணி சண்டை போடாதீங்க, போன் பண்ணி அந்த ஒரு விஷயத்தை மட்டும் பேசுங்க, முடிஞ்சதும் மாத்தின மெசேஜை முழுசா திரும்ப அனுப்புங்க, மேல "பழைய மெசேஜை விட்டுடுங்க, இதுதான் கடைசி"ன்னு ஒரு வரி. மாத்தின வரியை மட்டும் தனியா அனுப்பினா ரெண்டு மாசம் கழிச்சு எது எதோட சேரும்னு உங்களுக்கே தெரியாது.

பழைய மெசேஜை எடிட் பண்ணாதீங்க. வாட்ஸ்அப்ல அனுப்பி 15 நிமிஷம் வரைக்கும் எடிட் பண்ணலாம், ஆனா எடிட் ஆனதுன்னு அடையாளம் மட்டும்தான் நிக்கும், முன்னாடி என்ன இருந்துச்சுன்னு காட்டாது. அவர் "சரி" போட்ட பிறகு எடிட் ஆனா அவர் எதுக்கு சரி சொன்னார்ங்கறதே கேள்வியாயிடும். எழுத்துப்பிழையா இருந்தாக்கூட கீழ இன்னொரு மெசேஜ் போடுங்க.

இப்படி எழுதி அனுப்பினா நம்மள நம்பலயேன்னு நினைச்சு ஆளு கழண்டுக்க மாட்டாரா?

எழுதுற விதத்துல இருக்கு. "உங்கள் ஒப்புதலை எழுத்துப்பூர்வமாக உறுதிப்படுத்தவும்"னு வக்கீல் நோட்டீஸ் மாதிரி போனா யாருக்கும் ஒரு மாதிரி இருக்கும். போன்ல எந்த தமிழ்ல பேசினீங்களோ அதே தமிழ்ல, அண்ணேன்னு கூப்பிட்டா அண்ணேன்னே எழுதுங்க. போனை வைக்கிறதுக்கு முன்னாடியே "நான் மறதிக்காரி, பேசினதை ஒரு மெசேஜா போட்டுடுறேன், பாத்துடுங்க"ன்னு சொல்லிட்டா மெசேஜ் வர்றப்ப ஆச்சரியமா இருக்காது. அவருக்கு சாதகமான வரியும் அதுல இருக்கணும், எப்ப எவ்ளோ பணம் வரும்னு தெளிவா எழுதியிருந்தா அவர் முதல்ல படிக்கிறது அதைத்தான். அதையும் பாத்துட்டு எழுதவே கூடாதுன்னு ஒருத்தர் அடம் பிடிச்சா, நான் அவர்கிட்ட வேலை குடுக்க மாட்டேன்.

பெயின்டருக்கு தமிழ் படிக்க வராது. வாய்ஸ் நோட் அனுப்பினா போதுமா?

ரெண்டும் அனுப்புங்க. எழுத்து மெசேஜ் ஒண்ணு, அதையே வரி வரியா படிச்ச வாய்ஸ் நோட் ஒண்ணு, ஒரு நிமிஷத்துக்கு மேல போகாம. பதிலையும் வாய்ஸ்ல வாங்குங்க, ஆனா "சரிங்க"ன்னு மட்டும் இல்லாம தொகையையும் நாளையும் அவர் வாயாலயே சொல்லச் சொல்லுங்க. இன்னொண்ணு, மெசேஜ் யாருக்குப் போகுதுன்னு பாருங்க. வேலைக்கு வர்ற பையனோட நம்பருக்கு அனுப்பிட்டு இருப்பாங்க, ரேட் பேசினது மேஸ்திரி, பணம் போறது மேஸ்திரியோட மச்சான் ஜிபேக்கு. யார் ரேட் பேசினாரோ அவர் நம்பருக்கு மெசேஜ் போகணும், பணம் வேற நம்பருக்கு போகுதுன்னா "பணம் இந்த நம்பருக்கு அனுப்பச் சொன்னீங்க"ன்னு அதையும் ஒரு வரியா சேத்துடுங்க.

போன் காலை ரெக்கார்ட் பண்ணி வெச்சா இந்த எழுதுற வேலையே மிச்சமாச்சே?

இருபது நிமிஷ காலை திரும்பக் கேட்டுப் பாருங்க. முதல்ல 28 சொல்லியிருப்பார், நடுவுல 25, நீங்க 22, அப்புறம் யாரோ கதவு தட்டி பேச்சு மாறி, கடைசியில "சரி பாத்து போட்டுக்கலாம்"னு முடிஞ்சிருக்கும். எது முடிவுன்னு அந்த ரெக்கார்டிங்கை கேக்கற மூணாவது ஆளுக்கு தெரியாது, உங்களுக்கே சந்தேகமா இருக்கும். சொல்லாம ரெக்கார்ட் பண்ணினது பின்னாடி தெரிஞ்சா உறவும் கெட்டுடும். ரெண்டு பேரும் பாத்து சரி சொன்ன பத்து வரி இருந்தா அந்த ரெக்கார்டிங் தேவையே படாது.

வேலை நடக்கறப்ப ஏதாவது மாறினா என்ன பண்றது?

மாறாம எந்த வேலையும் முடிஞ்சதில்ல. நம்ம உதாரணத்துல அந்த வடக்கு சுவரையே எடுத்துக்கங்க. சுரண்டினதும் உள்ள பூச்சே பொருபொருன்னு வருது, ஓதம் நினைச்சதைவிட மேல ஏறியிருக்கு, அதை அப்படியே விட்டு மேல பெயின்ட் அடிச்சா ஒரு மழைக்காலத்துல கொப்புளிச்சு வந்துடும். அவர் போன்ல சொல்றார், பூச்சு எடுத்துட்டு மறுபடி பூசி, ஓதத்துக்கு ஒரு கோட்டிங் குடுக்கணும், 3,500 கூட ஆகும், ரெண்டு நாள் தள்ளிப் போகும்னு. நீங்க சரின்னுட்டீங்க. உடனே அந்த சுவரை போட்டோ எடுத்து, முதல் மெசேஜுக்கே ரிப்ளையா, "ஹால் வடக்கு சுவர் ஓதம், பூச்சும் கோட்டிங்கும் சேத்து எக்ஸ்ட்ரா 3,500, 9 நாள் இனி 11 நாள், மீதி எல்லாம் மேல எழுதினபடியே" அவ்ளோதான்.

அந்த "மீதி எல்லாம் மேல எழுதினபடியே" வரியை விட்டுடாதீங்க. ஒண்ணு மாறினதும் எல்லாமே மாறிடுச்சுன்னு நினைக்கிற பழக்கம் ரெண்டு பக்கமும் உண்டு, நாள் தள்ளிப் போச்சு அதனால கூலியும் ஏறும்னு அவர் நினைப்பார், நாள் தள்ளினதுக்கு ஏதாவது குறைப்பார்னு நீங்க நினைப்பீங்க. போட்டோவும் சும்மா இல்ல, கோட்டிங்குக்கு மேல பெயின்ட் ஏறிட்டா உள்ள என்ன இருந்துச்சுன்னு அப்புறம் யாராலயும் காட்ட முடியாது.

கடைசியில தகராறு ஆயிடுச்சுன்னா இந்த வாட்ஸ்அப் எல்லாம் எடுபடுமா?

எடுபடும், ஆனா ஸ்க்ரீன்ஷாட்டை பிரின்ட் எடுத்துட்டு போய் நீட்டினா போதும்னு நினைக்காதீங்க. 2024 ஜூலை 1-ல இருந்து பழைய சாட்சிய சட்டத்துக்குப் பதிலா பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துருக்கு, அதோட 63-ஆவது பிரிவு மின்னணு பதிவுகளைப் பத்தினது, முன்னாடி 65பி-ன்னு சொல்லிட்டு இருந்தது. அந்த மெசேஜ் எந்த போன்ல இருந்து எப்படி எடுத்ததுன்னு ஒரு சான்றிதழ் சேத்துக் குடுக்கணும், அதுல ஒரு பாகம் நீங்க, இன்னொரு பாகம் அந்த துறை நிபுணர் கையெழுத்து போடுறது. அதெல்லாம் வக்கீல் பாத்துக்குவார், நீங்க பண்ண வேண்டியது மெசேஜ் அந்த போன்லயே அழியாம இருக்கறது.

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. அந்த சாட்ல `Disappearing messages` ஆன்ல இருந்தா 24 மணி நேரம், 7 நாள், இல்ல 90 நாள்ல எல்லாம் போயிடும், வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பாத்து ஆஃப் பண்ணிடுங்க. அனுப்பினவரே ரெண்டு நாளைக்கு மேல வரைக்கும் எல்லாருக்கும் சேத்து அழிக்கவும் முடியும், அதனால அவர் "சரி" போட்டதும் ஒரு ஸ்க்ரீன்ஷாட், நம்பரும் தேதியும் தெரியிற மாதிரி. வேலை முடிஞ்சதும் `Export chat` குடுத்து உங்க மெயிலுக்கே அனுப்பி வெச்சுக்கங்க, போன் மாத்தினாலும் ஒரு பிரதி இருக்கும்.

பெயின்டிங் மாதிரி காசு குடுத்து வாங்குற வேலை நுகர்வோர் சட்டத்துல சேவைதான், குறை இருந்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள புகார் குடுக்கலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல. பெரும்பாலும் அங்க வரைக்கும் போகாது, பழைய மெசேஜை ஒரு தடவை ஃபார்வர்ட் பண்ணினாலே பேச்சு அடங்கிடும்.

நான் பெயின்டர். வீட்டுக்காரங்க எழுதலன்னா நானே எழுதலாமா?

தாராளமா. சொல்லப்போனா எக்ஸ்ட்ரா வேலைக்கு காசு வராம போறது உங்க பக்கம்தான் அதிகம். "பரணையும் அடிச்சுடுங்க"ன்னு அம்மா சொல்லுவாங்க, காசு குடுக்கறவர் ஐயா, கடைசியில "நான் சொல்லவே இல்லயே"ம்பார். அதனால அம்மா சொன்னதை அடிக்கிறதுக்கு முன்னாடியே ஐயா நம்பருக்கு மெசேஜ். செஞ்ச வேலைக்கு காசு கேட்டு வழக்கு போட பொதுவா 3 வருஷம் டைம் இருக்கு, ஆனா மூணு வருஷம் கழிச்சு பரணை யார் அடிக்கச் சொன்னதுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்.

வீடு வாடகைக்கு, நிலம் வாங்க, இதுக்கெல்லாம் இதே மாதிரி பண்ணிக்கலாமா?

பேசினதை ஞாபகம் வெச்சுக்க எழுதலாம், அதோட நிறுத்திக்காதீங்க. தமிழ்நாட்டுல வாடகைக்கு எழுத்துல ஒப்பந்தம் போடணும்னு தனி சட்டமே இருக்கு, நிலம்னா பத்திரம், பதிவு எல்லாம் வேணும், வாட்ஸ்அப்ல சரின்னு போட்டதை வெச்சு அங்க ஒண்ணும் நகராது.

வேலை முடிஞ்சு பணமும் குடுத்தாச்சு. இன்னும் ஏதாவது எழுதணுமா?

கடைசியா ஒண்ணு. ரெண்டு பேரும் டேப் பிடிச்சு அளந்து 2,740 வந்துச்சுன்னு வெச்சுக்கங்க, 24 ரூபா கணக்குல 65,760, ஓதத்துக்கு 3,500, மொத்தம் 69,260, ஏற்கனவே குடுத்தது 45,000, இன்னைக்கு 24,260. இதை அப்படியே எழுதி "கணக்கு முடிஞ்சது, பாக்கி இல்ல"ன்னு போட்டு, வடக்கு சுவருக்கு அவர் வாயால ஏதாவது சொல்லியிருந்தா அதையும் சேருங்க, "ஒரு வருஷத்துக்குள்ள அந்த சுவர்ல கொப்புளம் வந்தா கூலி வாங்காம பாத்துக் குடுக்கறேன்னு சொன்னீங்க, மெட்டீரியல் நான்". பணம் கைக்கு வர்ற அந்த நேரத்துல அவர் சந்தோஷமா சரி போடுவார், மறுவாரம் கேட்டீங்கன்னா அடுத்த சைட்ல ஏணி மேல நிப்பார்.